கறுப்பு அக்ரிலிக் மேல் கறுப்புப் பொருள்: பிரதிபலிப்பு கூர்மையாக, நிழல் கலங்காமல் படமெடுப்பது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணக்குகள் புரிவதற்காக எல்லாப் பதில்களிலும் ஒரே பொருளை வைத்துக்கொள்கிறேன்: 20 செ.மீ. உயரம், 7 செ.மீ. விட்டம் கொண்ட, பளபளப்பான கறுப்பு ஃபிளாஸ்க். 100 மி.மீ. லென்ஸ், ஃபுல் ஃபிரேம் கேமரா. கேமரா ஃபிளாஸ்கிலிருந்து 1.5 மீட்டர் தள்ளி, அக்ரிலிக் மட்டத்திலிருந்து 32 செ.மீ. உயரத்தில் நிற்கிறது. அதாவது ஃபிளாஸ்கின் அடிப்பகுதியை சுமார் 12 டிகிரி சாய்வில் பார்க்கிறது.

பளபளப்பான கறுப்பு அக்ரிலிக்தான் போட்டிருக்கிறேன். ஆனாலும் பொருளைச் சுற்றி சாம்பல் நிறத்தில் அழுக்கு நிழல் விழுகிறது. எந்த லைட்டை மாற்றுவது?

லைட்டைத் தொடுவதற்கு முன்னால், அது நிழல்தானா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. வெள்ளைத் தாளில் நிழல் தெரிவதற்குக் காரணம், தன்மேல் விழும் ஒளியைத் தாள் எல்லாப் பக்கமும் சிதறவிடுவதுதான். ஒளி தடைபட்ட இடம் அங்கே இருட்டாகத் தெரியும். கறுப்பு அக்ரிலிக் அப்படிச் சிதறவிடுவதில்லை. உள்ளே புகும் ஒளியை விழுங்கிவிடுகிறது. மேற்பரப்பில் படும் ஒளியில் ஒரு பங்கை மட்டும் கண்ணாடிபோல் ஒரே திசையில் திருப்பி அனுப்புகிறது. ஆக, சுத்தமான கறுப்பு அக்ரிலிக்கில் நிழல் விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. நீங்கள் பார்க்கும் சாம்பல், அறையில் இருக்கும் ஏதோ ஒன்றின் மங்கலான பிரதிபலிப்பு.

சோதிப்பது எளிது. வியூஃபைண்டரிலிருந்து கண்ணை எடுத்து, லென்ஸ் இருக்கும் இடத்தில் தலையை வைத்து மெதுவாக இடமும் வலமும் நகருங்கள். நிழல் என்றால் அந்தக் கறை அக்ரிலிக்கில் அதே இடத்தில் நிற்கும். பிரதிபலிப்பு என்றால் உங்களோடு சேர்ந்து நகரும். நகர்ந்தால், ஒரு கறுப்பு அட்டையை எடுத்து ஃபிளாஸ்குக்குப் பின்னாலும் பக்கவாட்டிலும் ஒவ்வோர் இடமாகப் பிடித்துப் பாருங்கள். எந்த இடத்தில் பிடிக்கும்போது சாம்பல் மறைகிறதோ, அங்கே இருப்பதுதான் காரணம். சுவராக இருக்கலாம், லைட் ஸ்டாண்டாக இருக்கலாம், பல சமயம் உங்கள் சட்டையாகவே இருக்கும். இந்த வேலைக்குக் கறுப்புச் சட்டை போடுவது அலட்டல் இல்லை.

கறை நகராமல் அதே இடத்தில் நின்றால், அது தூசி அல்லது துடைத்த தடம். அதற்கான பதில் கீழே தனியாக இருக்கிறது.

கேமராவை எந்த உயரத்தில் வைத்தால் பிரதிபலிப்பு நன்றாக வரும்?

எவ்வளவு தாழ்வாக வைக்கிறீர்களோ, பிரதிபலிப்பு அவ்வளவு பிரகாசம். 45 டிகிரி மேலிருந்து பார்த்தால் அக்ரிலிக் திருப்பித் தருவது 5 சதவீதம்தான். 30 டிகிரிக்கு இறங்கினால் 9 சதவீதம், 15 டிகிரியில் 25 சதவீதம், 10 டிகிரியில் கிட்டத்தட்ட 39 சதவீதம். நம்முடைய 12 டிகிரியில் சுமார் 32 சதவீதம், அதாவது மூன்றில் ஒரு பங்கு. கறுப்புப் பொருள் ஏற்கெனவே இருட்டு. அதில் 5 சதவீதம் திரும்பி வந்தால் எதுவும் தெரியாது, கறுப்புக்குள் கறுப்பாகிவிடும். அதனால் இந்த மாதிரிப் பொருளுக்கு 10 முதல் 15 டிகிரிக்குள் இருப்பதே நல்லது.

தாழ்ந்த கோணத்துக்கு ஒரு விலை உண்டு. பிரதிபலிப்பு முழுதாகத் தெரிய, ஃபிளாஸ்குக்கு முன்னால் நீளமான அக்ரிலிக் வேண்டும். ஃபிளாஸ்க் தலைகீழாக மேசைக்கு அடியில் 20 செ.மீ. தொங்குவதாக நினைத்து, லென்ஸிலிருந்து அதன் நுனிக்கு ஒரு கோடு போடுங்கள். நம் கணக்கில் அந்தக் கோடு ஃபிளாஸ்குக்கு 58 செ.மீ. முன்னால் அக்ரிலிக்கை வெட்டும். ஷீட் அதைவிடக் குறைவாக இருந்தால் மூடியின் பிரதிபலிப்பு பாதியில் அறுந்து மேசை விளிம்பு தெரியும். 60 × 90 செ.மீ. ஷீட்டை நீளவாக்கில் போட்டு, முன்னால் 60 செ.மீ., பின்னால் 30 செ.மீ. விட்டு வைத்தால் சரியாக இருக்கும். பாதிப் பிரதிபலிப்பு போதும், மீதி மங்கி மறையட்டும் என்றால் சிறிய ஷீட்டே போதும்.

பாட்டில், ஃபிளாஸ்க் எதை வைத்தாலும் மேல்பாதி அழகாக வருகிறது, அடிப்பகுதி மட்டும் சேறு பூசினாற்போல் இருக்கிறது. பக்கத்தில் ஸ்ட்ரிப் சாஃப்ட்பாக்ஸ் வைத்துதான் எடுக்கிறேன்.

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். "நிழல் கலங்கலாக இருக்கிறது" என்று வரும் புகார்களில் பாதி கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும்.

பளபளப்பான கறுப்பு உருளையில் உங்களுக்குத் தெரிவது ஃபிளாஸ்கின் நிறம் இல்லை. பக்கத்தில் நிற்கும் லைட்டின் பிம்பம், ஒரு நீண்ட வெள்ளைக் கோடாக. இப்போது அந்தக் கோட்டைப் பின்னோக்கித் தேடிப் போங்கள். கேமரா 12 டிகிரி கீழ்நோக்கிப் பார்க்கிறது. பார்வைக் கோடு ஃபிளாஸ்கின் செங்குத்துச் சுவரில் பட்டுப் பக்கவாட்டில் திரும்பும்போதும் அதே 12 டிகிரியில் கீழ்நோக்கியே போகிறது. ஸ்ட்ரிப் 25 செ.மீ. தள்ளி இருந்தால், அதைச் சென்று சேர்வதற்குள் கோடு சுமார் 5 செ.மீ. இறங்கிவிடும். ஃபிளாஸ்கின் 12 செ.மீ. உயரத்தில் பட்ட கோடு ஸ்ட்ரிப்பின் 7 செ.மீ. உயரத்தில் போய்ச் சேரும், பிரச்சினை இல்லை. 3 செ.மீ. உயரத்தில் பட்ட கோடோ ஸ்ட்ரிப்பை அடைவதற்கு முன்பே அக்ரிலிக்கில் முட்டி, அங்கிருந்து மேலே எழும்பித்தான் லைட்டைப் பார்க்கும். அக்ரிலிக் கொடுப்பது மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே ஃபிளாஸ்கின் கீழ் 5 செ.மீ. வரைக்கும் வெள்ளைக் கோடு ஒன்றரை ஸ்டாப்புக்கும் சற்றே அதிகமாக மங்கும். அந்த 5 செ.மீ. உயரத்தில் பிரகாசம் சட்டென்று உடையும். அதுவே நீங்கள் சொல்லும் சேறு.

இது ஸ்ட்ரிப் அக்ரிலிக் மட்டம் வரை இறங்கி நிற்கும்போது வரும் கணக்கு. பெரும்பாலான சாஃப்ட்பாக்ஸ்களில் துணிக்குக் கீழே கறுப்பு விளிம்பு இருக்கும். ஸ்டாண்டில் மாட்டினால் இன்னும் 10, 15 செ.மீ. மேலே போய்விடும். அப்போது ஃபிளாஸ்கின் பெரும்பகுதி பார்ப்பது லைட்டை அல்ல, லைட்டுக்குக் கீழே இருக்கும் இருட்டை. கோடு மங்குவதோடு நிற்காது, அதற்கும் அதன் பிரதிபலிப்புக்கும் நடுவில் ஒரு கறுப்பு இடைவெளியே விழும்.

சரிசெய்ய நான் முதலில் செய்வது, சாஃப்ட்பாக்ஸை நேரடியாகப் பயன்படுத்துவதை விட்டுவிடுவது. மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய டிஃப்யூஷன் ஷீட்டை அக்ரிலிக் மேலேயே செங்குத்தாக நிறுத்தி, அதன் பின்னாலிருந்து ஃபிளாஷ் அடிக்கிறேன். ஷீட்டின் அடிவிளிம்பில் சட்டம் இருக்கக் கூடாது. டிஃப்யூஷன் ஷீட்டே அக்ரிலிக்கைத் தொட வேண்டும். அப்போது ஷீட்டும் அதன் பிரதிபலிப்பும் இடைவெளி இல்லாமல் ஒட்டி நிற்கும். அடுத்து, அந்த ஷீட்டை ஃபிளாஸ்குக்கு நெருக்கமாகக் கொண்டுவருகிறேன். 12 செ.மீ. தூரத்தில் மங்கும் பகுதி 2.5 செ.மீ. அளவுக்குச் சுருங்கிவிடும். பிரகாசம் உடையும் இடம் அடிவிளிம்புக்கு அருகே போய்விடுவதால், பார்ப்பவர் அதைப் பொருளின் இயல்பான வளைவு என்றே எடுத்துக்கொள்வார்.

அதற்கும் மேல் வேண்டுமானால் கேமராவை 8 டிகிரிக்கு இறக்கலாம், அதாவது 21 செ.மீ. உயரத்துக்கு. மங்கும் பகுதி 2 செ.மீ.க்கும் கீழே போகும். அக்ரிலிக்கின் பங்கும் 46 சதவீதமாக ஏறுவதால் உடைவு மென்மையாகும். ஆனால் 20 செ.மீ. ஃபிளாஸ்கின் மூடியின் மேற்பரப்பு கிட்டத்தட்டக் கண்ணுக்குத் தெரியாது. முழுப் பிரதிபலிப்புக்கு முன்னால் 73 செ.மீ. அக்ரிலிக் வேண்டும். மூடி மேல் பெயர் அச்சிட்டிருந்தால் இந்த வழி சரிவராது.

பிரதிபலிப்பில் மட்டும் கோடு முழுசாக இருக்கிறது, நிஜப் பொருளில் உடைந்திருக்கிறது. இது எப்படி?

பிரதிபலிப்பு உங்கள் கேமரா பார்ப்பதைக் காட்டுவதில்லை. மேசைக்கு அடியில், அதே 32 செ.மீ. ஆழத்தில் இருக்கும் இன்னொரு கேமரா மேல்நோக்கிப் பார்ப்பதைக் காட்டுகிறது. அதன் பார்வைக் கோடு ஃபிளாஸ்கில் பட்டு மேலே ஏறித்தான் லைட்டுக்குப் போகும், அக்ரிலிக்கில் முட்டாது. அதனால் அங்கே கோடு உடையாது.

இதிலிருந்து இரண்டு விஷயம் வருகிறது. ஒன்று, லைட் ஃபிளாஸ்கைவிட உயரமாக இருக்க வேண்டும். 25 செ.மீ. தூரத்தில் நின்றால் மூடியின் பிரதிபலிப்புக்கு லைட்டின் சுமார் 29 செ.மீ. உயரம் வரை தேவை, 30 செ.மீ.க்குக் குறையாமல் வையுங்கள். இரண்டு, பொருளில் கீழ்நோக்கித் தெரியும் விளிம்புகள், மூடியின் அடிப்பள்ளம், கைப்பிடியின் உள்பக்கம் எல்லாம் பிரதிபலிப்பில் வெட்டவெளிச்சமாகும். நிஜத்தில் தெரியாத விலை ஸ்டிக்கர் அங்கே எட்டிப் பார்க்கும். முன்கூட்டியே துடைத்து வையுங்கள்.

பின்னணியும் கறுப்பு, பொருளும் கறுப்பு. விளிம்பு கரைந்துவிடுகிறது. பின்னால் வெளிச்சம் கொடுத்தால் அக்ரிலிக் முழுக்க சாம்பலாகிறது. என்ன செய்வது?

ஃபிளாஸ்குக்குப் பின்னால் இருக்கும் அக்ரிலிக், பின்னணியின் ஒரு பட்டையை மட்டுமே காட்டும். எந்தப் பட்டை என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

நம் அமைப்பில் ஷீட்டின் பின்விளிம்பு கேமராவிலிருந்து 180 செ.மீ. தூரம். அங்கே பார்வை 10 டிகிரி. பின்னணி அதற்கும் 1 மீட்டர் பின்னால் இருந்தால், விளிம்பை ஒட்டி அக்ரிலிக்கில் தெரிவது பின்னணியின் 18 செ.மீ. உயரத்தில் இருக்கும் இடம். விளிம்புக்குச் சற்று மேலே நேராகத் தெரிவதோ, மேசை மட்டத்துக்கு 18 செ.மீ. கீழே இருக்கும் இடம். இந்த இரண்டு இடங்களின் வெளிச்சமும் ஒன்றானால் ஷீட்டின் விளிம்பு காணாமல் போகும். வேறானால் ஒரு கோடு அசிங்கமாகத் தெரியும். ஆகவே பின்னணி மேசைக்குக் கீழேயும் தொங்க வேண்டும். வெளிச்ச வட்டம் வேண்டுமென்றால் அதன் மையம் மேசை மட்டத்தில் விழ வேண்டும். மேலேயும் கீழேயும் ஒரே அளவில் மங்கும். சாம்பல் நிறப் பேப்பர், கிரிட் மாட்டிய ஒரு ஃபிளாஷ் போதும்.

வட்டத்தைச் சின்னதாக வையுங்கள். ஃபிளாஸ்கின் பக்கவாட்டு விளிம்புகளுக்கு வெளியே கொஞ்சம் எட்டிப் பார்த்தால் போதும். ஃபிரேமை நிரப்பும் அளவுக்கு விரித்தால் அக்ரிலிக்கும் அதை விசுவாசமாக நிரப்பித் தரும். அதைத்தான் சாம்பல் என்கிறீர்கள்.

என்னைக் கேட்டால், பளபளப்பான உருளைக்குப் பின்னணி வெளிச்சமே வேண்டாம். பின்னால் கறுப்பு வெல்வெட், இரண்டு பக்கமும் டிஃப்யூஷன் ஷீட். ஷீட்டைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினால் வெள்ளைக் கோடு மெலிந்து ஃபிளாஸ்கின் ஓரத்துக்குப் போகும், முன்னுக்கு இழுத்தால் தடித்து நடுவுக்கு வரும். ஒரு பக்கம் மெல்லிய கோடு, மறுபக்கம் தடித்த கோடு என்று வைத்தால் உருவம் எடுப்பாகத் தெரியும்.

மேட் ஃபினிஷ் கறுப்புக்கும் இதே முறைதானா?

இல்லை. மேட் பரப்பு லைட்டின் பிம்பத்தைக் கலைத்துவிடும், அதனால் உடைந்த கோட்டுப் பிரச்சினையும் வராது. மாறாக, மொத்தமும் தட்டையாக இருண்டுபோகும். அகலமான லைட் ஒன்றை மேலே, சற்றுப் பின்னால் வைத்து முன்னோக்கிச் சாயுங்கள். அது அக்ரிலிக்கில் தெரிந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். 12 டிகிரியில் பார்க்கும்போது ஃபிளாஸ்குக்குப் பின்னால் இருக்கும் அக்ரிலிக் தாழ்வான பட்டையைத்தான் காட்டும். தலைக்கு மேல் இருப்பது அதன் கண்ணில் படாது. கேமராவை 45 டிகிரிக்கு ஏற்றினால்தான் அந்த லைட் பெரிய வெள்ளைச் சதுரமாக வந்து உட்காரும்.

பிரதிபலிப்பு இரட்டையாக, கொஞ்சம் ஆடினாற்போல் வருகிறது. ஃபோகஸ் பிரச்சினையா?

இரட்டையாக வந்தால் ஷீட்டைச் சந்தேகியுங்கள். நிறமில்லாத கண்ணாடியையோ அக்ரிலிக்கையோ கறுப்புத் துணி மேல் வைத்தால், மேற்பரப்பிலிருந்து ஒன்றும் அடிப்பரப்பிலிருந்து ஒன்றுமாக இரண்டு பிம்பம் வரும். ஒளி ஊடுருவும் புகைநிற ஷீட்டிலும் இதே கதை. லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்க்கும்போது எதுவுமே தெரியாத, உடல் முழுக்கக் கறுப்பான ஷீட்தான் வேண்டும்.

ஆடினாற்போல் வந்தால் ஷீட் வளைந்திருக்கிறது. 3 மி.மீ. ஷீட்டை இரண்டு ஸ்டாண்டுகளுக்கு நடுவில் வைத்தால் நடுவில் தொய்யும். சமமான பலகை மேல் முழுதாகப் படிய வையுங்கள், அல்லது 5 மி.மீ. வாங்குங்கள்.

இரண்டும் இல்லாமல் பிரதிபலிப்பின் நுனி மட்டும் மங்கினால் அது ஃபோகஸ். கேமரா சாய்ந்திருப்பதால் நிஜ மூடியைவிடப் பிரதிபலிப்பின் மூடி சுமார் 8 செ.மீ. அதிகத் தூரத்தில் இருக்கிறது. f/4இல் கூர்மை இருக்கும் ஆழம் 5 செ.மீ. அளவுதான், f/11இல் ஏறக்குறைய 14 செ.மீ. ஃபிளாஸ்கின் முன்பக்கத்தில், நடு உயரத்துக்குச் சற்றுக் கீழே ஃபோகஸ் வைத்து f/11இல் எடுத்தால் இரண்டும் அடங்கும்.

போலரைசர் போடலாமா?

பழக்கத்தில் மாட்டியிருந்தால் கழற்றுங்கள். தவறாகத் திருப்பினால், ஆசைப்பட்டு வாங்கிய பிரதிபலிப்பையே அது அழித்துவிடும். பார்வைக் கோணம் 34 டிகிரிக்கு அருகில் இருக்கும்போது கிட்டத்தட்ட முழுதாகவே அழிக்க முடியும். மறுபக்கம் திருப்பினால் பிரதிபலிப்பு கொஞ்சம் தூக்கலாகும் என்பதும் உண்மை. ஆனால் ஃபிளாஸ்கின் வெள்ளைக் கோடும் சேர்ந்து மாறும், வெளிச்சமும் குறையும்.

எவ்வளவு துடைத்தாலும் அக்ரிலிக் மேல் மூட்டம்போல் ஒன்று தெரிகிறது. கண்ணாடி துடைக்கும் திரவம் போட்டேன், இன்னும் மோசமானது.

அமோனியா, ஆல்கஹால் கலந்த திரவங்கள் அக்ரிலிக்குக்கு ஆகாது. மேற்பரப்பில் நுண்ணிய வெடிப்புகள் உண்டாகும். அவை ஒளியைச் சிதறவிடும், பிறகு எதைப் போட்டாலும் போகாது. அந்த ஷீட்டை மாற்றத்தான் வேண்டும்.

மற்றபடி எதிரி தூசியும் நிலைமின்சாரமும். உலர்ந்த துணியால் தேய்க்கத் தேய்க்க ஷீட்டில் மின்னூட்டம் ஏறி, காற்றில் இருக்கும் தூசியைத் தானே இழுக்கும். அதனால் லேசாக ஈரமான மைக்ரோஃபைபர் துணியால், அழுத்தாமல், ஒரே திசையில் துடையுங்கள். பிறகு வரும் ஒன்றிரண்டு துகளை புளோயரால் ஊதிவிடுங்கள். புது ஷீட்டின் பாதுகாப்புப் படலத்தை லைட் எல்லாம் அமைத்து முடிக்கும் வரை உரிக்காதீர்கள். ஃபிளாஸ்கை வைத்துக் கோணம் பார்ப்பதெல்லாம் படலத்தின் மேலேயே செய்யலாம்.

பின்பக்கத்திலிருந்து தாழ்வாக வரும் லைட் இருந்தால் ஒவ்வொரு துகளும் நட்சத்திரமாக மின்னும். டிஃப்யூஷன் ஷீட்டை ரொம்பவும் பின்னுக்குத் தள்ள வேண்டாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அக்ரிலிக் சுத்தம், பின்னணி கறுப்பு, அறையும் இருட்டு. ஆனாலும் படத்தில் கறுப்பு கறுப்பாக இல்லை. எடிட்டிங்கில் சரிசெய்து கொள்ளலாமா?

முதலில் ஃபிளாஷை அணைத்துவிட்டு, படமெடுக்கும் அதே அமைப்பில், உதாரணமாக 1/125 நொடி, f/11, ISO 100இல் ஒரு படம் எடுங்கள். அது முழுக் கறுப்பாக வர வேண்டும். வராவிட்டால் ஜன்னலோ ட்யூப்லைட்டோ உள்ளே வருகிறது.

அது கறுப்பாக வந்தால் அடுத்த சந்தேகம் லென்ஸ். பக்கவாட்டில், கொஞ்சம் பின்னால் நிற்கும் டிஃப்யூஷன் ஷீட் ஃபிளாஸ்கை மட்டும் அல்ல, லென்ஸின் முன்கண்ணாடியையும் பார்க்கிறது. அந்த ஒளி லென்ஸுக்குள் சிதறி, படம் முழுக்க ஒரு மெல்லிய வெள்ளைப் பூச்சைப் போட்டுவிடும். இதை அக்ரிலிக்கின் குறை என்று நினைத்து ஷீட்டையே மாற்றியவர்கள் உண்டு. லென்ஸ் ஹூட் மாட்டுங்கள். அது போதாமல் இருந்தால் ஃபிரேமுக்குள் வராதபடி லென்ஸுக்கும் ஷீட்டுக்கும் நடுவில் இரண்டு பக்கமும் கறுப்பு அட்டை நிறுத்துங்கள். அட்டை வைத்து ஒன்று, வைக்காமல் ஒன்று எடுத்து, இரண்டிலும் வெறும் அக்ரிலிக் இருக்கும் இடத்தின் எண்ணை எடிட்டிங் மென்பொருளில் படித்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டார்.

இதெல்லாம் முடிந்த பிறகு எடிட்டிங். 0 முதல் 255 வரையுள்ள அளவில், வெறும் அக்ரிலிக் 5 முதல் 12 வரை இருப்பதும், ஃபிளாஸ்கின் இருண்ட பகுதி அதைவிடக் கொஞ்சம் மேலே, 20 முதல் 30 வரை இருப்பதும் எனக்குப் பிடித்த அளவு. இந்தச் சின்ன இடைவெளிதான் பொருளைத் தரையிலிருந்து பிரிக்கிறது. Shadows ஸ்லைடரை ஏற்றினால் இரண்டும் சேர்ந்து மேலே வந்து கறுப்பு வெளிறிவிடும், தூசியும் கூடவே வெளியே வரும். கறுப்பை இறக்க வேண்டுமானால் Blacks ஸ்லைடரை மட்டும் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்துங்கள். ஃபிளாஸ்கின் அடிவிளிம்பு தரையோடு கரையத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, ஒரு சிட்டிகை பின்வாங்குங்கள்.